இருபத்து நான்கு பள்ளிகள், அறுநூறு குழந்தைகள்

மதிப்பாய்வுக்கு வரும் கட்டுரைப் பிரதியை மதிப்பாய்வாளர் வெளியே காட்டக் கூடாது. அதனால் இந்த அத்தியாயத்துக்கான பிரதியை நானே கட்டியிருக்கிறேன். அதில் வரும் பள்ளிகளும் குழந்தைகளும் எண்களும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. அதில் உள்ள இரண்டு பிழைகள் மட்டும் கற்பனை இல்லை. மருத்துவம், கல்வி, வேளாண்மை என்று கள ஆய்வு நடக்கும் எந்தத் துறையிலும் மதிப்பாய்வாளர்கள் இவற்றைத் திரும்பத் திரும்பச் சந்திக்கிறார்கள். இரண்டும் ஒரே கட்டுரையில் சேரும்போது என்ன நடக்கிறது என்பதுதான் என் அக்கறை. ஏனென்றால் அங்கே ஒரு பிழை இன்னொன்றுக்குத் தீனி போடுகிறது.

பிரதி சொல்வது இது. 24 பள்ளிகளில், பள்ளிக்கு 25 பேர் வீதம், 600 குழந்தைகளின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பார்த்தார்கள். 12 பள்ளிகளில் இரும்புச் சத்து மாத்திரை வாரந்தோறும் தவறாமல் கொடுக்கப்பட்டது, மற்ற 12இல் இல்லை. குழந்தையைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் 30 விவரங்களைச் சேகரித்து, ரிக்ரெஷன் மென்பொருளிடம் கொடுத்தார்கள். மென்பொருள் படிப்படித் தேர்வு முறையில் 7 மாறிகளை நிறுத்திக்கொண்டு மீதியைக் கழித்துவிட்டது. நின்ற ஏழில் மாத்திரையும் ஒன்று. மாத்திரை கொடுத்த பள்ளிகளில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 0.3 கிராம் கூடுதல், திட்டப் பிழை 0.098, பி-மதிப்பு 0.002. முடிவுரையில் மாத்திரையையும் மற்ற ஆறையும் ‘சுயேச்சையான காரணிகள்’ என்று எழுதியிருந்தார்கள்.

பழகிய மதிப்பாய்வாளர் சுருக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு முறையியல் பகுதிக்கும் அட்டவணைக்கும்தான் முதலில் போவார். இந்தப் பிரதியில் ‘24 பள்ளிகள்’ என்ற சொல் ஒரே ஓர் இடத்தில், குழந்தைகளைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்லும் வரியில், வருகிறது. அதன் பிறகு காணாமல் போகிறது. கணக்கிலும் காணாமல் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ளக் கட்டுரையாளர்களைக் கேட்க வேண்டியதில்லை, ஒரு கால்குலேட்டர் போதும். மற்ற மாறிகளைக் கணக்கில் எடுத்த பிறகு எஞ்சும் திட்ட விலக்கம் 1.2 கிராம் என்று அட்டவணையே சொல்கிறது. 300 குழந்தைகளை இன்னொரு 300 குழந்தைகளோடு ஒப்பிட்டால், அவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள் என்றால், வேறுபாட்டின் திட்டப் பிழை இப்படி வரும்:

```
1.2 × √(1/300 + 1/300) = 0.098
```

அட்டவணையில் அச்சாகியிருப்பதும் அதே 0.098. ஆக, 600 பேரையும் 600 தனித்தனிச் சாட்சிகளாகவே எண்ணியிருக்கிறார்கள். மதிப்பாய்வு அறிக்கையின் முதல் குறிப்பு இங்கே பிறக்கிறது.

ஒரே பள்ளியின் குழந்தைகள் ஒரே ஊரில் வாழ்கிறார்கள். ஒரே கிணற்று நீரைக் குடிக்கிறார்கள், ஒரே மதிய உணவைச் சாப்பிடுகிறார்கள். அவர்களில் ஒருவருடைய ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடையதும் குறைவாக இருக்க வாய்ப்பு கூடுதல். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதன் மறுபக்கம் இது. ஒரே பானையிலிருந்து 25 பருக்கை எடுத்துப் பார்த்தாலும் அந்தப் பானையைப் பற்றித்தான் தெரியும், அடுத்த வீட்டுப் பானையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பள்ளிக் குழந்தைகள் பருக்கைகளைப் போல அவ்வளவு ஒன்றாக இல்லை. எவ்வளவு ஒன்றாக இருக்கிறார்கள் என்பதை ஓர் எண்ணால் அளக்கலாம். ஹீமோகுளோபினில் காணும் மொத்த மாறுபாட்டில் பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையிலான மாறுபாடு எத்தனை பங்கு என்பதே அந்த எண். அதைக் கொத்து ஒட்டுறவு என்று அழைக்கிறேன். கொத்துக்குள் எல்லோரும் ஒரே அச்சு என்றால் 1, கொத்துக்குச் சம்பந்தமே இல்லை என்றால் 0.

இந்தப் பிரதியில் அது 0.10 என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் மிகச் சிறிய எண். பத்தில் ஒரு பங்குதானே, விட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். அமெரிக்கப் புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் மாதிரிக் கணக்கெடுப்பு பற்றி 1965இல் வெளியிட்ட நூலின் வழியே பரவிய ஒரு சூத்திரம் அந்த எண்ணத்தை உடைக்கிறது. கொத்தில் உள்ளவர்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, ஒட்டுறவால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும்:

```
1 + (25 − 1) × 0.10 = 3.4
```

விடையை வடிவமைப்பு விளைவு என்பார்கள். 600ஐ 3.4ஆல் வகுத்தால் சுமார் 176. மாத்திரையைப் பற்றிய கேள்விக்கு அந்த 600 குழந்தைகள் தரும் தகவல், சம்பந்தமில்லாத 176 குழந்தைகள் தரும் தகவலுக்குத்தான் சமம். திட்டப் பிழை 3.4இன் வர்க்கமூலத்தால், அதாவது 1.84 மடங்காகப் பெருகும். 0.098 இப்போது 0.181 ஆகிவிட்டது. 0.3ஐ அதனால் வகுத்தால் 1.66. ஒப்பிட இருப்பது 24 பள்ளிகள் மட்டுமே என்பதால் அதற்குரிய டி-பரவலில் பார்க்க வேண்டும். பி-மதிப்பு 0.11 வருகிறது. கட்டுரையின் தலைப்புச் செய்தி அங்கேயே தளர்ந்துவிடுகிறது.

ஒட்டுறவு 0.05 என்று இன்னும் தாராளமாக எடுத்துக்கொண்டாலும் வடிவமைப்பு விளைவு 2.2. பி-மதிப்பு அப்போது 0.05இன் விளிம்பில் வந்து நிற்கிறது. ஒட்டுறவு சிறியதாக இருந்தாலும் கொத்து பெரியதாக இருந்தால் தப்பிக்க முடியாது. சூத்திரத்தில் இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன.

இது ஏட்டளவு ஆபத்து இல்லை. 1976இல் நெவில் பென்னட் இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளிகளில் கற்பிக்கும் பாணிகளை ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். கட்டுப்பாடான பழைய பாணி வகுப்புகளில் பிள்ளைகள் அதிகம் முன்னேறுகிறார்கள் என்றது ஆய்வு. பத்திரிகைகளிலும் கல்விக் கொள்கை விவாதங்களிலும் அது பெரிய அலையை எழுப்பியது. ஆனால் பாணி என்பது வகுப்பு ஆசிரியருடையது. ஆய்வில் இருந்த ஆசிரியர்களோ நாற்பதுக்கும் குறைவு. கணக்குப் போட்டது பல நூறு பிள்ளைகளைத் தனித்தனியாக எண்ணி. சில ஆண்டுகள் கழித்துப் புள்ளியியலாளர் மர்ரே எய்ட்கினும் உடன் உழைத்தவர்களும் அதே தரவை, பிள்ளைகள் வகுப்புகளாகக் கொத்தாக இருப்பதைச் சேர்த்து, மறுபடி அலசினார்கள். பாணிகளுக்கு இடையே தெளிவாகத் தெரிந்த வேறுபாடு நிற்கவில்லை. 1981இல் வெளிவந்த மறு ஆய்வுக் கட்டுரை ஒன்றில் பென்னட்டும் கூட்டாசிரியராகச் சேர்ந்தார். அவருடைய அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

முதல் குறிப்பை எழுதும்போது ஒரு நுணுக்கத்தை மதிப்பாய்வாளர் விட்டுவிடக் கூடாது. எல்லா மாறிக்கும் திட்டப் பிழை 1.84 மடங்கு பெருகாது. மாத்திரை பள்ளி முழுவதுக்கும் ஒன்று. ஒரு பள்ளியின் 25 பேருக்கும் ஒரே மதிப்பு. குழந்தை ஆணா பெண்ணா என்பதோ பள்ளிக்குப் பள்ளி ஏறத்தாழ ஒரே விகிதத்தில் கலந்து கிடக்கும். அதை ஒரே பள்ளிக்குள்ளேயே ஒப்பிட்டுவிட முடிகிறது. அதனால் அதன் திட்டப் பிழை கொத்தால் பெரிதாகப் பாதிக்கப்படாது. தண்டனை முழுதும் விழுவது பள்ளி அளவிலான மாறிகள் மீது. இந்த ஒரு செய்தி அறிக்கையின் மூன்றாவது குறிப்புக்குத் திறவுகோல், அங்கே மறுபடி வருவேன்.

இரண்டாவது குறிப்பு படிப்படித் தேர்வைப் பற்றியது. 1960 வாக்கில் எஃப்ராய்ம்சன் கணினிக்காக வகுத்த வழிமுறையிலிருந்து இது வந்தது. எந்த மாறி விளைவோடு மிக நெருக்கமாக ஒட்டுகிறதோ அதை முதலில் உள்ளே விடு. அது இருக்கும்போது மீதியில் எது நெருக்கம் என்று பார்த்து அடுத்ததை விடு. ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றைத் திரும்பச் சோதித்து, பலவீனமானதை வெளியே அனுப்பு. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் நாம் எதையும் மாற்றாவிட்டால் நுழைய 0.05, வெளியேற 0.10 என்று வாசல் வைத்திருக்கும். ஆர் மொழியின் `step()` ஏஐசி என்ற அளவைப் பார்க்கிறது. ஒற்றை மாறிக்கு அது ஏறக்குறைய 0.157 என்ற பி-மதிப்பு வாசலுக்குச் சமம், இன்னும் அகலம்.

பி-மதிப்பு ஒரு நிபந்தனையோடு பிறந்தது. எந்த மாறியைச் சோதிக்கப் போகிறோம் என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். விளைவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, தங்களுக்குள்ளும் சம்பந்தமில்லாத 30 மாறிகளை எடுத்துக்கொண்டால், அவற்றில் ஒன்றாவது 0.05 வாசலைத் தற்செயலாகத் தாண்டும் வாய்ப்பு 79 சதவீதம். தாண்டியவற்றை மட்டும் பொறுக்கி அட்டவணை போட்டால் அட்டவணை முழுக்க வெற்றிதான் தெரியும். தோற்றவை எத்தனை என்பது வாசகர் கண்ணில் படாது. தாண்டியவற்றின் கெழுக்களும் உண்மையைவிடப் பெரிதாகவே இருக்கும், தற்செயல் யாரைத் தூக்கிவிட்டதோ அவர்தானே வாசலைத் தாண்டியிருக்கிறார்.

1983இல் டேவிட் ஃப்ரீட்மன் இதைச் செய்தே காட்டினார். வெறும் தற்செயல் எண்களால் 100 அவதானிப்புகளையும் 50 மாறிகளையும் உருவாக்கினார். எதற்கும் எதோடும் உறவில்லை. முதல் சுற்றில் பி-மதிப்பு 0.25க்குக் கீழே வந்த 15 மாறிகளை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் சுற்று ஓட்டினார். அந்தப் பதினைந்தில் 6 மாறிகள் 0.05 அளவில் முக்கியத்துவம் உள்ளவையாகத் தெரிந்தன. மாடல் முழுவதற்குமான சோதனையும் மிக வலுவாக வென்றது. இருந்தது வெறும் இரைச்சல்.

தேர்வு எவ்வளவு நிலையற்றது என்பதற்கு 2004இல் பீட்டர் ஆஸ்டினும் ஜாக் டூவும் வெளியிட்ட ஆய்வைக் குறிப்பில் சேர்ப்பேன். மாரடைப்பு நோயாளிகளின் தரவில் 29 மாறிகளை வைத்து, தரவிலிருந்தே 1000 மறு மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் பின்னிருந்து கழிக்கும் தேர்வை ஓட்டினார்கள். 940 வெவ்வேறு மாடல்கள் கிடைத்தன. எல்லா மறு மாதிரிகளிலும் இடம்பிடித்தவை மூன்றே மாறிகள். நம் பிரதியின் ஏழு மாறிகளும் அதே குழந்தைகளை லேசாகக் குலுக்கியிருந்தால் வேறு ஏழாக இருந்திருக்கும் என்று எதிர்பார்க்கவே இது இடம் தருகிறது.

பிரதியில் இன்னொரு விளைவும் இருக்கிறது. குழந்தையின் வயது தேர்வில் கழிந்துவிட்டது, அதன் பி-மதிப்பு 0.12 என்பதால். வயதோடு ஹீமோகுளோபின் மாறுவது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். இரண்டு வகைப் பள்ளிகளிலும் வயது ஒரே மாதிரி இல்லை என்றால் அதைக் கழிப்பது மாத்திரையின் கணக்கையே சாய்க்கும். 0.12 என்றால் உறவில்லை என்று அர்த்தமில்லை. மென்பொருளோ கழித்த கணமே அந்தக் கெழுவைச் சரியாகப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. எது இருக்க வேண்டும் என்பதை ரத்தத்தையும் குழந்தை வளர்ச்சியையும் அறிந்தவர்கள்தான் சொல்ல முடியும். அந்த அறிவு கட்டுரையாளர்களிடம் இருக்கிறது, அவர்கள் அதைப் பயன்படுத்தாமல் விட்டதுதான் எனக்கு வருத்தம்.

மூன்றாவது குறிப்புக்கு வருகிறேன். பல மதிப்பாய்வு அறிக்கைகள் இரண்டு பிழைகளையும் தனித்தனியாகச் சொல்லி நிறுத்திவிடுகின்றன. கட்டுரையாளர்களும் ஏழு மாறிகளை அப்படியே வைத்துக்கொண்டு கொத்தை மட்டும் சேர்த்துத் திருப்பி அனுப்புவார்கள். அது போதாது.

பள்ளி அளவிலான, விளைவோடு சம்பந்தமே இல்லாத ஒரு மாறியை எடுத்துக்கொள்வோம், உதாரணமாகப் பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளியின் தூரம். கொத்தை மறந்த மென்பொருள் அதன் திட்டப் பிழையை உண்மையைவிட 1.84 மடங்கு சிறிதாகக் காண்கிறது. 1.96 என்ற தடையைத் தாண்ட வேண்டிய மாறிக்கு இப்போது 1.06 போதும். அதைத் தற்செயலாகத் தாண்டும் வாய்ப்பு 5 சதவீதம் இல்லை, ஏறத்தாழ 29 சதவீதம். பிரதியின் 30 மாறிகளில் 10 பள்ளி அளவிலானவை: கழிப்பறைகள், குடிநீர்க் குழாய், சமையற்கூடம், தலைமையாசிரியரின் அனுபவம், தூரம் என்று போகிறது பட்டியல். எல்லாமே வெறும் இரைச்சல் என்றாலும் முதல் வாசலில் இந்தப் பத்திலிருந்து சராசரியாக மூன்று நுழையும். குழந்தை அளவிலான மீதி இருபதிலிருந்து சராசரியாக ஒன்று.

தேர்வு ஒரு சல்லடை என்றால், கொத்தை மறந்தது அந்தச் சல்லடையின் ஒரு பக்கத்து ஓட்டைகளை மட்டும் அகலப்படுத்தியிருக்கிறது. கட்டுரையின் ஏழு மாறிகளில் ஐந்து பள்ளி அளவிலானவை என்பதை அட்டவணையில் பார்த்ததும் மதிப்பாய்வாளருக்கு இது உறைக்க வேண்டும். ‘குழந்தையின் ரத்தத்தைக் குடும்பத்தைவிடப் பள்ளிதான் தீர்மானிக்கிறது’ என்று கட்டுரையாளர்கள் விவாதப் பகுதியில் எழுதியிருக்கும் அழகான வாக்கியம் தரவிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை. கணக்குப் பிழையே அதை எழுதியிருக்கலாம். எனவே தேர்ந்த ஏழின் திட்டப் பிழையைச் சரிசெய்தால் தீராது, தேர்வையே கைவிட்டு முதலிலிருந்து வர வேண்டும்.

என்ன செய்யச் சொல்லலாம்? கேள்வி மாத்திரையைப் பற்றியது என்றால், எந்த மாறிகளைச் சேர்ப்பது என்பதை ஹீமோகுளோபினைப் பார்க்காமல், காரணத்தோடு எழுதிவைத்துவிட்டு ஒரே ஒரு மாடலை ஓட்டச் சொல்வேன். பள்ளி அளவில் 24 புள்ளிகளே இருப்பதால் அந்த அளவிலான மாறிகள் இரண்டு மூன்றைத் தாண்டக் கூடாது. வயது, பாலினம், குடற்புழு மருந்து, குடும்ப வருமானம் ஆகியவை நிற்கட்டும், அவற்றின் பி-மதிப்பு எதுவாக இருந்தாலும். ஆர் மொழியில் இது சில வரி வேலை:

```r
library(lmerTest)
m <- lmer(hb ~ tablet + age + sex + deworm + income + (1 | school), data = d)
summary(m, ddf = "Kenward-Roger")
```

`(1 | school)` என்ற துண்டு ஒவ்வொரு பள்ளிக்கும் தனக்கென ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு என்று மாடலிடம் சொல்கிறது. கடைசி வரியில் உள்ள கென்வர்ட்–ரோஜர் திருத்தம் கொத்துகள் குறைவாக இருக்கும்போது தேவை. கொத்தைத் தாங்கும் திட்டப் பிழை என்று மென்பொருள்கள் தரும் எளிய வசதியை 24 கொத்துகளோடு அப்படியே பயன்படுத்தினால் அது இன்னமும் பிழையைச் சிறிதாகவே காட்டும். கொத்துகள் நாற்பது ஐம்பதுக்கு மேல் இருந்தால்தான் அதைத் திருத்தமின்றி நம்பலாம் என்பது துறையில் பொதுவான எச்சரிக்கை.

கட்டுரையாளர்கள் சிலர் பள்ளிகளை 23 இருமை மாறிகளாக மாடலில் போட்டுவிட்டு, கொத்தைக் கவனித்துவிட்டோம் என்று பதில் எழுதுவார்கள். மாத்திரை பள்ளிக்கு ஒன்று என்பதால் அந்த இருமை மாறிகள் மாத்திரையை முழுக்க விழுங்கிவிடும். மென்பொருள் ஏதோ ஒரு மாறியை ஓசையின்றிக் கழித்துவிட்டு ஒரு விடை தரும், அந்த விடைக்கு அர்த்தம் இருக்காது. இதை முன்கூட்டியே அறிக்கையில் ஒரு வரியில் எச்சரிப்பது ஒரு சுற்றுத் திருத்தத்தை மிச்சப்படுத்தும்.

மாடல் எதுவும் வேண்டாம் என்பவருக்கும் வழி உண்டு. ஒவ்வொரு பள்ளியின் சராசரியையும் எடுத்து, 12 எண்களை 12 எண்களோடு சாதாரண டி-சோதனையில் ஒப்பிடலாம். பள்ளிகள் எல்லாம் ஒரே அளவாக இருக்கும்போது திட்டப் பிழை அதே 0.18 வரும். மாடலின் விடையும் இந்த எளிய விடையும் வெகுதூரம் விலகினால் எங்கோ தவறு என்று உடனே தெரிந்துவிடும். கட்டுரையாளர்களிடம் இந்த 24 எண்களையும் ஒரு படமாகக் கேட்பேன். அறுநூறு என்ற எண் மறைத்ததை அந்தப் படம் காட்டிவிடும்.

மாறாக, எந்தக் குழந்தைக்கு ரத்தசோகை வரும் என்று முன்கணிப்பதுதான் நோக்கம் என்றால், மாறிகளைத் தரவே தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. கெழுக்களைச் சுருக்கித் தேர்வு செய்யும் லாஸோ போன்ற முறைகள் அதற்கு உண்டு. ஆனால் மாடலைச் சோதிக்க மறு மாதிரி எடுக்கும்போது குழந்தைகளை எடுக்கக் கூடாது, முழுப் பள்ளிகளை எடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் தேர்வையும் புதிதாக ஓட்ட வேண்டும். ஒரு பள்ளியின் பாதிக் குழந்தைகளை வைத்துப் பயிற்றி மறுபாதியில் சோதித்தால், புதிய ஊரில் மாடல் எப்படி நடக்கும் என்று தெரியவே தெரியாது.

இதழாசிரியருக்கு என் பரிந்துரை நிராகரிப்பு இல்லை, பெரிய திருத்தம். 24 ஊர்களுக்குப் போய் 600 குழந்தைகளிடம் ரத்தம் எடுத்த உழைப்பு நல்ல உழைப்பு. கணக்கைத் திருத்திய பிறகும் வேறுபாடு அதே 0.3 என்று வந்தால், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி −0.08 முதல் 0.68 வரை இருக்கும். மாத்திரையால் பயனில்லை என்று இது சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்பதிலிருந்து கணிசமான பயன் வரை எல்லாவற்றுக்கும் இந்தத் தரவில் இடம் இருக்கிறது. கட்டுரையாளர்கள் அந்த இடைவெளியைச் சுருக்கத்திலேயே அச்சிட வேண்டும். சேகரித்த 30 மாறிகளின் பட்டியலையும் பின்னிணைப்பில் முழுதாகத் தர வேண்டும்.

அறிக்கையின் கடைசிக் குறிப்பு அடுத்த ஆய்வுக்கானது. முடிவு தெளிவாக வரவில்லை என்றதும் பள்ளிக்கு இன்னும் நிறைய குழந்தைகளைச் சேர்க்கத் தோன்றும். பள்ளிக்கு 50 பேர் என்று இரட்டிப்பாக்கினால் திட்டப் பிழை 0.181இலிருந்து 0.168க்குத்தான் இறங்கும். பள்ளிக்கு ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் 24 பள்ளிகளை வைத்துக்கொண்டு 0.155க்குக் கீழே போக முடியாது, ஏனென்றால் பள்ளிக்கும் பள்ளிக்கும் உள்ள மாறுபாடு அப்படியே இருக்கிறது. 0.3 என்ற வேறுபாடு அப்போதும் 0.05 வாசலைத் தாண்டாது. அதே 600 குழந்தைகளை 60 பள்ளிகளிலிருந்து, பள்ளிக்குப் பத்துப் பேராக எடுத்தால் திட்டப் பிழை 0.135 ஆகிவிடும். பயணச் செலவு கூடும். ரத்தப் பரிசோதனைச் செலவு ஒரு ரூபாயும் கூடாது.